வாசலில் போலீஸ் வந்து நின்றால்: 'எதுக்கு வந்திருக்கீங்க?' என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

ஊரில் பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும் சட்ட விழிப்புணர்வு முகாமை நீங்கள் பார்த்திருக்கலாம். பின்னால் ஒரு பேனர், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள், வட்ட சட்டப் பணிகள் குழுவிலிருந்து வந்த வழக்கறிஞர் ஒருவர். பட்டா, ஜீவனாம்சம், முதியோர் பராமரிப்பு என்று போகும் பேச்சில் ஒரு தலைப்பு வந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்: "வீட்டுக்குப் போலீஸ் வந்தா என்ன பண்ணணும்?"

பெங்களூரு அடுகோடியில் ஒரு பிஜி-யில் தங்கி, ஐ.டி. கம்பெனிக்குப் போய் வரும் உங்களுக்கு, அந்தப் பேச்சு அப்பா அம்மாவுக்கானது என்று தோன்றலாம். ஆனால் வாசலில் நிற்பவர் கன்னடத்தில் பேசினால், நீட்டும் காகிதமும் கன்னடத்தில் இருந்தால், உங்களுக்கும் உங்கள் ஊர்ப் பெரியவருக்கும் அந்த நிமிடத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. சொல்லப்போனால் அவருக்காவது பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்.

முகாம் பேச்சு எங்கிருந்து வந்தது?

1986 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவர் டி.கே. பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் மரணங்கள் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டியது அந்தக் கடிதம். நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. பத்து வருடங்கள் கழித்து, 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஒருவரைக் கைது செய்யும்போது போலீஸ் கட்டாயம் பின்பற்ற வேண்டிய 11 நிபந்தனைகளை அது வகுத்தது. அவற்றை வானொலியிலும் தூர்தர்ஷனிலும் ஒலிபரப்பலாம், உள்ளூர் மொழிகளில் துண்டறிக்கையாக அச்சிட்டுக் கொடுக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இன்று முகாமில் மைக் பிடித்துப் பேசுபவர் சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

அந்த நிபந்தனைகள் பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 2024 ஜூலை 1 முதல் பழைய சி.ஆர்.பி.சி.-க்குப் பதிலாக அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.எஸ்., அவற்றைத் தொடர்கிறது. பிரிவு எண்கள்தான் மாறிவிட்டன. பழைய எண்களை மனப்பாடம் செய்தவர்கள் பாவம்.

கதவைத் திறப்பதா, வேண்டாமா?

ஒரு உதாரணத்தோடு போவோம். இது கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி வழக்குகள் இப்போது சாதாரணம். உங்கள் கல்லூரி நண்பர் ஒருவர் வாங்கிய கடனைத் திருப்பித் தருகிறார். 40,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அது ஆன்லைன் மோசடி ஒன்றில் யாரோ இழந்த பணம் என்பது உங்களுக்குத் தெரியாது. கோவையில் புகார் பதிவாகிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு, கோவை சைபர் க்ரைம் போலீசார் இருவர், அடுகோடி ஸ்டேஷன் காவலர் ஒருவருடன் உங்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

அவர்கள் மூன்றில் ஒன்றுக்காகத்தான் வந்திருக்க முடியும்: விசாரிக்க, சோதனை போட, அல்லது கைது செய்ய. மூன்றுக்கும் வேறு வேறு விதி, வேறு வேறு காகிதம். அதனால்தான் முகாமில் பேசும் வழக்கறிஞர்கள் முதல் கேள்வியை இப்படிச் சொல்லித் தருவார்கள்: "எதுக்கு வந்திருக்கீங்க சார், பேப்பர் எதுவும் இருக்கா?" குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டிய கேள்வி இது.

கதவைத் திறக்கவே மாட்டேன் என்று நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. கைது செய்ய அதிகாரம் உள்ள அதிகாரி, தேடப்படுபவர் உள்ளே இருப்பதாக நம்பினால், வீட்டில் இருப்பவர் வழிவிட வேண்டும் என்கிறது பிரிவு 44. கேட்டும் வழிவிடாவிட்டால் கதவை உடைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கையைப் பிடித்துத் தள்ளினால், அரசு ஊழியரைத் தடுத்ததாகவோ தாக்கியதாகவோ தனி வழக்கு சேரும். 40,000 ரூபாய் வழக்கில் நீங்கள் நிரபராதியாக இருந்தாலும் இந்த இரண்டாவது வழக்கில் சிக்கிக்கொள்வீர்கள்.

ஆனால் கிரில் கதவுக்குப் பின்னால் நின்று பெயரையும் ஸ்டேஷனையும் கேட்கலாம். கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்பது பிரிவு 36. சந்தேகம் வந்தால் 112-க்கோ அடுகோடி ஸ்டேஷனுக்கோ போன் போட்டு, இப்படி ஒரு குழு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான போலீசுக்கு இதில் நஷ்டம் இல்லை. வீடியோ காலில் யூனிஃபார்மோடு தோன்றி 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுபவரை நீங்கள் விசாரிக்கக்கூடத் தேவையில்லை. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை.

"சும்மா ஒரு என்கொயரி, வந்துட்டுப் போங்க"

அதிகம் பேர் தடுமாறுவது இந்த வாக்கியத்தில்தான். பெங்களூருவில் இது 'ஸ்டேஷன்கே பன்னி' என்று வரும். கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாங்க', கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாய்மொழியாகச் சொல்லி அழைத்துப்போனால் நீங்கள் அங்கே சாட்சியா, சந்தேக நபரா, கைதானவரா என்பது எங்கேயும் பதிவாகாது. பின்னால் எழும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சாட்சி என்றால் பிரிவு 179-ன்படி எழுத்துப்பூர்வமாக அழைக்க வேண்டும். அதுவும் அந்த அதிகாரியின் ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருப்பவரைத்தான். கோவை ஸ்டேஷனும் அடுகோடியும் ஒட்டிய எல்லைகள் இல்லை என்பதை மேப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்தவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றவர்கள் ஆகியோரை, அவர்களாக விரும்பினால் தவிர, வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க முடியும். 1978-ல் ஒடிசாவின் முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி வழக்கில், ஒரு பெண்ணை விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொன்னதையே உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

சந்தேக நபர் என்றால் வேறு கதை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், உடனே கைது தேவையில்லை என்றால் பிரிவு 35(3)-ன் கீழ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மோசடிக் குற்றத்துக்கு அதிகபட்சம் ஏழு ஆண்டுதான் என்பதால் நம் உதாரணம் இதற்குள் வருகிறது. இந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதிகம், ஆனால் உண்மையில் இது உங்களுக்கு ஒரு கவசம். நோட்டீஸ்படி ஆஜராகிக்கொண்டே இருக்கும்வரை, தனியாகக் காரணம் எழுதிவைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. அதைப் புறக்கணித்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

இந்த நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தால் அது சரியான சார்பு இல்லை என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் ஜூலையில், அதை மாற்றக் கேட்ட ஹரியானா அரசின் கோரிக்கையையும் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை அழித்துவிட்டுத் தூங்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாரணையில் கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும், உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டால், பிரிவு 181-ன்படி அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக்கூடாது. ஆகவே "கீழே ஒரு சைன் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றால், அது என்ன காகிதம் என்று கேளுங்கள். வெற்றுத்தாள் என்றால் பேச்சுக்கே இடமில்லை.

"போனைக் கொடுங்க, லாக்கை எடுங்க"

அறையைச் சோதனை போட வந்திருந்தால், பெரும்பாலும் நீதிமன்ற வாரண்ட் இருக்கும். அவசரம் என்றால் வாரண்ட் இல்லாமலும் சோதனை போடலாம், ஆனால் அதற்கான காரணத்தை அதிகாரி முன்னதாகவே எழுதி வைத்திருக்க வேண்டும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத இருவர் சாட்சியாக இருக்க வேண்டும். நீங்களும் உடன் இருக்கலாம். எடுத்த பொருட்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் உங்களுக்குத் தர வேண்டும்.

பி.என்.எஸ்.எஸ்.-ல் புதிதாக வந்தது பிரிவு 105. சோதனையையும் பறிமுதலையும் போலீசே வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். "வீடியோ எடுக்கறீங்களா சார்?" என்று நீங்கள் பணிவாகக் கேட்பது, அவர்கள் கடமையை நினைவூட்டுவதுதான்.

போன் விஷயத்தில் பெங்களூருவில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, 2021 மார்ச்சில் விரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. போலீஸ் தானாகவே உங்களிடம் பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது, ஆனால் நீதிமன்றத்தின் வழியாக உத்தரவு வாங்கலாம் என்றது அது. நீதிமன்ற உத்தரவின்பேரில் பாஸ்வேர்டைக் கொடுப்பது, தனக்கெதிராகச் சாட்சி சொல்லும் கட்டாயம் ஆகாது என்றும் சொன்னது. அதாவது வாசலில் வைத்து 'திறந்து காட்டு' என்றால், "கோர்ட் ஆர்டர் இருந்தால் தர்றேன்" என்று சொல்ல இடமுண்டு. உத்தரவு வந்த பிறகு மறுத்தால் அது உங்களுக்கு எதிராகப் போகலாம். போனைக் கைப்பற்றினால் மாடல், ஐ.எம்.இ.ஐ. எண், எடுத்த நேரம் ஆகியவை பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி லேப்டாப் என்றால் அதையும் குறிப்பிடச் சொல்லுங்கள். திங்கட்கிழமை உங்கள் மேனேஜர் கேட்கப்போவது அதைத்தான்.

கைது என்று சொல்லிவிட்டால்

இரவு 7.30. "உங்களை அரெஸ்ட் பண்றோம்" என்கிறார்கள். இப்போது நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரிவு 58-ன்படி 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றத்துக்குப் பயணிக்கத் தேவையான நேரம் மட்டும் இதில் கழியும். அரெஸ்ட் மெமோவில் எழுதிய நேரத்தை மட்டும் பார்க்காமல், நீங்கள் நினைத்தாலும் எழுந்து போக முடியாத நிலை எப்போது தொடங்கியதோ, அப்போதிலிருந்தே கணக்குத் தொடங்கும் என்று பல உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் சொல்கின்றன. 7.30-க்குப் பிடித்துவிட்டு மெமோவில் நள்ளிரவு 12 என்று போட்டால், கையெழுத்துக்கு மேலேயே சரியான நேரத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடக் கேளுங்கள். அனுமதிக்காவிட்டால் அதை மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம்.

அந்த மெமோவில் சாட்சியாக உங்கள் குடும்பத்தினர் ஒருவரோ, அந்தப் பகுதியின் மரியாதைக்குரியவர் ஒருவரோ கையெழுத்திட வேண்டும். பிஜி-யில் குடும்பம் ஏது? ரூம்மேட்டைக் கூப்பிடுங்கள், அவர் ஊருக்குப் போயிருந்தால் பிஜி ஓனரை. நீங்கள் சொல்லும் ஒருவருக்கு, எங்கே வைத்திருக்கிறோம் என்ற தகவலைப் போலீஸ் உடனே தர வேண்டும். அப்படித் தகவல் தரப்பட்டதா என்று மாஜிஸ்திரேட் சரிபார்க்கவும் வேண்டும். அம்மா பதறுவார் என்று யார் பெயரும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். கோவையில் அக்கா இருக்கிறார் என்றால் அவர் எண்ணைக் கொடுங்கள். நாளை நீங்கள் நிற்கப்போகும் கோர்ட் அங்கேதான் இருக்கிறது. இரண்டு எண்களாவது மனப்பாடமாக இருப்பது நல்லது, ஏனென்றால் அந்த நேரத்தில் போன் உங்கள் கையில் இருக்காது.

அடுத்து, எதற்காகக் கைது என்பது. 'சீட்டிங் கேஸ்' என்று வாயால் சொன்னால் போதாது. 2025 நவம்பர் 6 அன்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில், கைதுக்கான காரணங்களை எல்லா வழக்குகளிலும் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில். உடனே எழுத்தில் தர முடியாத சூழல் என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். கன்னடம் படிக்கத் தெரியாத உங்களுக்கு இந்தத் தீர்ப்பின் மொழி பற்றிய பகுதி எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உங்கள் வழக்கறிஞர் ரிமாண்டை எதிர்த்துப் பேசத் தயாராவார்.

பெண்களைச் சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகும் உதயத்துக்கு முன்பும் கைது செய்யக்கூடாது, விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி மூலம், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு மட்டுமே செய்யலாம் என்கிறது சட்டம். முகாமில் இதைச் சொன்னதும் கைதட்டல் விழும். ஆனால் 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இது வழிகாட்டும் விதிதான், இதை மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும் என்றது. உரிமை இருக்கிறது, ஆனால் நினைப்பது போல இரும்புக்கதவு இல்லை.

வேறு மாநிலப் போலீஸ் வந்தால்: 2021-ல் பெங்களூருவில் நடந்தது

2021 பிப்ரவரி 13 அன்று, விவசாயிகள் போராட்டம் தொடர்பான 'டூல்கிட்' வழக்கில், 22 வயதுச் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் திஷா ரவியை டெல்லி போலீசார் பெங்களூருவில் அவர் வீட்டிலிருந்து கைது செய்தனர். மறுநாள் அவர் டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அவர் தேர்ந்தெடுத்த வழக்கறிஞர் அந்த நேரத்தில் அங்கே இல்லை, அவரே தனக்காகப் பேசினார். ஐந்து நாள் போலீஸ் காவல் விதிக்கப்பட்டது. பிப்ரவரி 23-ல் ஜாமீன் கிடைத்தது.

பெங்களூரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி டிரான்சிட் ரிமாண்ட் வாங்கினார்களா என்பதுதான் அப்போது எழுந்த பெரிய கேள்வி. ஒருவரை வேறு ஊருக்குக் கொண்டுபோக உள்ளூர் மாஜிஸ்திரேட் தரும் அனுமதி அது. நடைமுறைப்படிதான் செய்தோம் என்றது டெல்லி போலீஸ். 24 மணி நேரத்துக்குள் உரிய நீதிமன்றத்தில் நிறுத்திவிட்டால் டிரான்சிட் ரிமாண்ட் கட்டாயமில்லை என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் விமானம் இருக்கும் காலத்தில், அந்த இடம் எவ்வளவு பெரிதாகிவிட்டது என்பதைத்தான் இந்த வழக்கு காட்டியது. எந்த ஊரில் வசிக்கிறோமோ அங்கேயே ஒரு நீதிபதி முன் நின்று, நமக்குத் தெரிந்த வழக்கறிஞரோடு பேசும் வாய்ப்பு, ஒரே இரவில் கைநழுவலாம்.

இதற்கு முன்பே, 2019-ல் சந்தீப் குமார் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு மாநிலத்தில் கைது செய்யும் போலீசுக்கு விதிகள் வகுத்திருந்தது. உள்ளூர் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். மாநிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோகும் முன் வழக்கறிஞரோடு பேச வாய்ப்புத் தர வேண்டும். அவசரச் சூழல் தவிர, அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடம் டிரான்சிட் ரிமாண்ட் வாங்க முயல வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். கோவை சாலை வழியாக ஓர் இரவுப் பயணம்தான். 24 மணி நேரத்துக்குள் நிறுத்த முடியும். ஆகவே ஜீப் கிளம்பும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: "அடுகோடி ஸ்டேஷன் டைரியில் என்ட்ரி போட்டாச்சா? இங்கே ஒரு வக்கீலோட பேசணும். எந்தக் கோர்ட்டில் புரொடியூஸ் பண்றீங்க?" மூன்றாவதற்கான பதிலை ரூம்மேட் காதில் விழும்படி வாங்குங்கள். அவர்தான் உங்கள் அக்காவுக்குச் சொல்லப்போகிறவர்.

மாஜிஸ்திரேட் முன் இரண்டு நிமிடம்

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டு, மறுநாள் ரிமாண்ட் செய்யப்பட்டு, சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவச் சான்றும் ரிமாண்டும் வெறும் சம்பிரதாயமாக நடந்தன என்ற குற்றச்சாட்டு அப்போது தமிழ்நாடு முழுக்க எழுந்தது. கைதானவரை மருத்துவர் பரிசோதித்து, காயம் இருந்தால் எழுத வேண்டும் என்பது பிரிவு 53. ரிமாண்ட் என்பது முத்திரை போடும் வேலை இல்லை என்பதை மாஜிஸ்திரேட்டும் மறக்கலாம், அதனால் நீங்கள் பேச வேண்டும். அடித்தார்களா, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், காரணம் எழுத்தில் கிடைத்ததா, வீட்டுக்குச் சொன்னார்களா. கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். தமிழில் சொல்லலாம். டாக்டரிடமும் வலிக்கும் இடத்தைக் காட்டி, எழுதச் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் இல்லையென்றால் அங்கேயே சட்ட உதவி கேட்கலாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, காவலில் இருப்பவர் என்பதே இலவச வழக்கறிஞர் பெறத் தகுதி. சி.டி.சி. எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கைதுக்கு முன்பே, ஸ்டேஷனுக்கு அழைக்கப்பட்ட நிலையிலேயே வழக்கறிஞரை அனுப்பும் திட்டத்தை தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2019-ல் வகுத்தது. அதன் இலவச எண் 15100. வெள்ளி இரவு 7.30-க்கு உங்கள் ரூம்மேட் முதலில் கூப்பிட வேண்டியது உங்கள் அக்காவை, அடுத்தது இந்த எண்ணை.